14 கிலோ பையனுக்கு ட்ரிப் ரேட், உங்க வார்டுல எப்படி போட்டீங்க?

மூணாம் வருஷ ஸ்டூடன்ட்:
குழந்தைங்க வார்டு போஸ்டிங்ல இருக்கேன். ஆபரேஷனுக்காக வெறும் வயித்துல வச்சிருந்த பையன், வெயிட் 14 கிலோ. சிஸ்டர் சொன்ன கணக்கு, முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மில்லி அப்போ 1000, மிச்சம் 4 கிலோவுக்கு 50 வீதம் 200, மொத்தம் நாளைக்கு 1200, 24ஆல வகுத்தா மணிக்கு 50 மில்லி. என் ஃப்ரெண்டு 4-2-1 முறையில 40ம் 8ம் கூட்டி 48ன்னா. எது சரி?

கோவை பிரதர்:
ரெண்டும் ஒண்ணுதான்பா, 100ஐ 24ஆல வகுத்தா 4.17 வரும், அதை 4ன்னு சுருக்கிட்டாங்க. எந்த ட்ரிப்பா இருந்தாலும் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு, நான் எப்பவும் அப்படித்தான் போடுறேன்.

வார்டு அக்கா:
தம்பி, அது மைக்ரோ செட்டுக்கு மட்டும்தான், அதுல ஒரு மில்லிக்கு 60 சொட்டு. நான் முன்னாடி இருந்த ஆஸ்பத்திரியில ஒரு நைட் மைக்ரோ செட் தீந்துபோச்சுன்னு மேக்ரோ செட்ட ப்யூரெட்டுக்குக் கீழ மாட்டிட்டு அதே 48 சொட்டு வச்சிட்டாங்க, மில்லிக்கு 20 சொட்டு செட் அது, கணக்கு பாருங்க மணிக்கு 144 மில்லி போகுது, மூணு மடங்கு. ஒரு மணி நேரத்துக்குன்னு ப்யூரெட்ல நிரப்பின 48 மில்லி 20 நிமிஷத்துலயே காலி ஆனதாலதான் தெரிஞ்சுது, மேல பாட்டில் கிளாம்ப மூடி வச்சிருந்ததால அதுக்கு மேல ஏறல. அந்த செட்டுக்கு 16 சொட்டுதான் வரணும். 15 சொட்டு செட்டும் இருக்கு, அதனால கவர்ல போட்டிருக்கறத படிச்சிட்டே மாட்டுங்க. குழந்தை கைய மடக்கினாலே ஓட்டம் மாறிடும், போய் போய் எண்ணிப் பாக்கணும்.

சேலம் பொண்ணு:
எங்க அக்கா குழந்தைக்கு 7 மாசம், 8 கிலோ, ரெண்டு நாளா வாந்தி பேதி, கண்ணெல்லாம் உள்ள போய் அட்மிட் பண்ணிருக்காங்க. அப்போ 8 இன்ட்டு 4, மணிக்கு 32 மில்லி தானே போகணும்? ரொம்ப வேகமா போற மாதிரி இருக்கு, பயமா இருக்கு.

வார்டு அக்கா:
இல்லம்மா, 32 வாய்வழி எதுவும் எடுக்காத குழந்தைக்கு அன்னாடத் தேவை மட்டும்தான். ஏற்கனவே வெளிய போன தண்ணிய ஈடு கட்டறது தனிக் கணக்கு. ரொம்ப வறண்டுபோன, ஒரு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு முதல் மணி நேரத்துலயே கிலோவுக்கு 30 மில்லி ஏத்துவாங்க, 8 கிலோவுக்கு 240. அதனால ரேட்ட நீங்க குறைச்சிடாதீங்க, டியூட்டி டாக்டர்கிட்டயே கேளுங்க. ஸ்டூடன்ட்ஸும் பாத்துக்கோங்க, பிறந்த குழந்தைக்கு இந்த ஃபார்முலாவே கிடையாது, மூளைக்காய்ச்சல் மாதிரி கேஸ்ல டாக்டர் இதவிட குறைச்சும் எழுதலாம்.

மூணாம் வருஷ ஸ்டூடன்ட்:
அக்கா தேங்க்ஸ். ஊசி மருந்து கலக்கற 20 மில்லியும் அந்த 48லயே அடங்குமா?

வார்டு அக்கா:
நான் கழிச்சிடுவேன், சின்னக் குழந்தைக்கு அது பெரிய அளவு.

கோவை பிரதர்:
எங்க யூனிட்ல கழிக்கறதில்ல, சார்ட்ல மட்டும் ஏத்துவோம். செட் விஷயம் இன்னிக்கு நைட்டே கவர எடுத்துப் பாக்கறேன் அக்கா.