பந்துவாரிக் கணக்கு: திரையடிப் பட்டைக்கு என்ன பெயர்?

கதிர்: வணக்கம். கிரிக்கெட் ஒளிபரப்பில் திரையின் அடியில் 143/4, 17.3 என்று ஒரு பட்டை நிற்குமே, அதைக் காணொளிச் சட்டகங்களிலிருந்து படித்துப் பந்துவாரிக் கணக்கைத் தானே எழுதும் நிரல் ஒன்று செய்துவருகிறேன். விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் பட்டைக்கே பெயர் இல்லை. 'புள்ளிப்பட்டை' சரிப்படுமா?

சேகர்: அதற்குத்தான் 'புள்ளிப்பலகை' இருக்கிறதே! எங்கள் கல்லூரி மைதானப் பலகையைப் போனில் படமெடுத்துப் பார்த்தேன். எல்.இ.டி. சிமிட்டுவதால் பாதி எண்தான் விழுகிறது. உங்களுக்கும் அதே தொல்லையா?

கதிர்: அது மைதானத்தில் நிற்பது, சேகர். நான் கேட்பது படத்தின்மேல் ஒளிபரப்பாளர் ஒட்டுவது. அதில் சிமிட்டல் கிடையாது.

யாழினி: புள்ளிப்பட்டை வேண்டாம். 'புள்ளிப்பட்டியல்' அணிகளின் வரிசைக்குப் போய்விட்டது, இரண்டும் குழம்பும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஓட்டம் என்றுதான் எழுதுவோம். 'ஓட்டப்பட்டை' எனலாமே?

சேகர்: நல்லாயிருக்கு. மிச்சம் சுலபம்தானே? முந்தைய எண்ணை இப்போதைய எண்ணிலிருந்து கழித்தால் அந்தப் பந்தில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

வளர்மதி: பாதி தெரியும். 143/4, 17.3 என்பது 148/4, அதே 17.3 ஆகிறது என்று வையுங்கள். ஐந்து ஓட்டம், பந்து எண்ணப்படவில்லை. வைட் எல்லைக்கோட்டுக்கு ஓடினாலும் இப்படித்தான், நோபாலில் மட்டையாளர் பவுண்டரி அடித்தாலும் இப்படித்தான். மட்டையாளர் எண் 31 (22) என்பது 35 (23) ஆனால் நோபால். 31 (22) என்றே நின்றால் பெரும்பாலும் வைட். 31 (23) ஆனால் நோபாலில் வந்த பை அல்லது லெக்பை, அவற்றைப் பட்டையால் பிரிக்க முடியாது. நோபால் மட்டையாளர் சந்தித்த பந்தாகக் கணக்காகும், வைட் ஆகாது. அதனால் அடைப்புக்குள் இருக்கும் எண்ணையும் படிக்க வேண்டும்.

இன்னொன்று: சில பட்டைகளில் ஓட்டம் முதலில் மாறும், ஓவர் சற்றுத் தாமதமாக மாறும். அந்த நடுவில் படித்தால் சாதாரண ஒற்றை ஓட்டம் வைடாகத் தெரியும். அடுத்தடுத்த பல சட்டகங்களில் எல்லா எண்ணும் மாறாமல் நின்ற பிறகே கழிக்க வேண்டும். எனக்குப் பெயர் வேண்டியது இதற்குத்தான்: நிலைத்த இரு வாசிப்புகளுக்கு நடுவிலான மாற்றம்.

யாழினி: 'பந்துப்பெயர்ச்சி'?

கதிர்: கிரகப்பெயர்ச்சி நினைவுக்கு வருதே அக்கா! ஆனாலும் பிடித்திருக்கிறது. விளம்பரம் முடிந்து வரும்போது 17.3இலிருந்து நேரே 17.5க்குத் தாவினால்?

வளர்மதி: அங்கே பந்துப்பெயர்ச்சி என்று எழுதாதீர்கள், இரண்டு பந்து கலந்திருக்கிறது. மொத்த ஓட்டம் சரி, பங்கீடு தெரியாது. 'விடுபட்டது' என்று குறித்துவிடுங்கள். புள்ளி தொலைந்து 17.3 என்பது 173 ஆவது அவ்வளவு பயமில்லை, இருபது ஓவர் ஆட்டத்தில் 173ஆவது ஓவர் கிடையாதே.

முருகேசன்: கபடிக்கு என்ன செய்வீர்கள்? ரெய்டு வெறுமையாக முடிந்தால் எண்ணே மாறாது, 30 விநாடிக் கடிகாரம் மட்டும் திரும்பத் தொடங்கும். அங்கே ஓட்டமும் இல்லை, பந்தும் இல்லை. 'ஆட்டநிலைப்பட்டை' என்றால் எல்லாவற்றுக்கும் ஆகும்.

யாழினி: நீளம். யாரும் சொல்லமாட்டார்கள்.

கதிர்: குறிப்பில் இப்போதைக்கு ஓட்டப்பட்டை என்றே போடுகிறேன். கபடிக் காணொளி இருந்தால் அனுப்புங்கள் முருகேசன், கடிகாரத்தைப் படிக்க முடிகிறதா பார்ப்போம்.