புதுப்பிப்பு: அப்பாவோட வாரிசு சான்றிதழுக்கு மனு போட்டாச்சு

நான் கேட்டது: "அப்பா போய் எட்டு மாசமாச்சு. வாரிசு சான்றிதழ் மனுவை தினமும் தள்ளிப்போடுறேன். எப்படி ஆரம்பிக்கிறது?"

எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது தண்டையார்பேட்டை அக்கா சொன்னதுதான்: "அப்பாவோட பேப்பரெல்லாம் இருக்கிற பெட்டியைத் திறக்காதே, பரண்ல இருந்து இறக்கி மட்டும் வை." முதல் நாள் அவ்வளவுதான். மறுநாள் இறப்புச் சான்றிதழை மட்டும் எடுத்தேன். மூணாம் நாள் அப்பாவோட ஹார்பர் அடையாள அட்டை கையில வந்துச்சு, ஓரமெல்லாம் தேஞ்சு. நாலு நாள் அப்படியே நின்னுட்டேன். நான் தள்ளிப்போட்டது மனுவை இல்ல, அந்தப் பெட்டியைன்னு அப்பதான் புரிஞ்சுது. அடுத்த படியை இன்னும் சின்னதாக்கினேன்: தங்கச்சி ஒவ்வொரு பேப்பரா எடுத்துத் தந்தாள், நான் போட்டோ மட்டும் பிடிச்சேன்.

பத்து நிமிஷம் டைமர் வச்சு வேலை செய்யச் சொன்ன அண்ணா, அது படிவம் நிரப்பும்போது உதவுச்சு, ஆரம்பிக்க உதவல. ஜிம் போறதுக்கும் இந்தச் சின்னப் படி உதவுமான்னு கேட்ட தம்பி, ஜிம் தினப்படி வேலை. இது ஒருமுறை முடியிறது. செஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க.