மண்புழு ஒளிச் சோதனை: பாதிப் புழு டார்ச் பக்கமே போகுது, அறிக்கைத் தாளை எப்படி மாத்தலாம்?

குலசேகரம் டீச்சர்

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் மழை விட்ட அன்னைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துல சருகுக்கு அடியில இருந்து பிள்ளைங்க மண்புழு எடுத்துட்டு வந்தாங்க. ஆறு குழு, குழுவுக்கு ஒரு புழு. தொடுகை, ஒளி, ஈரம் மூணையும் ஒரே பீரியட்ல பார்த்தோம், ஒவ்வொண்ணும் ஐந்து முறை.

தொடுகையும் ஈரமும் ஏறக்குறைய புத்தகத்துல உள்ளபடி வந்தது. ஒளியிலதான் சிக்கல். மொத்தம் 30 முறையில 13 முறை விலகிப் போச்சு, 11 முறை டார்ச்சை நோக்கிப் போச்சு, 6 முறை அசையவே இல்லை. ஆனா ஆறு தாளிலயும் அறிவன ஒண்ணேதான்: "மண்புழு ஒளியை விட்டு விலகும்." ஒரு பிள்ளை காண்பனவுல "3 தடவை டார்ச் பக்கம் வந்தது" என்று எழுதிட்டு அழிச்சிருக்கா. அழிச்ச தடத்துக்கு மேல "விலகியது" என்று இருக்கு. அதைப் பார்த்ததுல இருந்து மனசு கேட்கல.

நான் கொடுத்த தாள்ல நோக்கம், தேவையானவை, செய்முறை, காண்பன, அறிவன என்று ஐந்து தலைப்பு. காண்பனவுல மூணு கட்டம்: தூண்டல், எத்தனாவது முறை, துலங்கல். துலங்கலுக்கு "விலகியது / நோக்கியது / அசையவில்லை" என்று மூணுல ஒண்ணை எழுதணும். தப்பு சோதனையிலயா, தாளிலயா?

மார்த்தாண்டம் அப்பா

டீச்சர், டார்ச்ல எந்த பல்பு? மண்புழுவுக்குக் கண்ணே கிடையாது, அது எப்படி வெளிச்சத்தை அறியும்? அதுக்குத் தெரியறது சூடுதான். பழைய குண்டு பல்பா இருந்தா சூட்டுக்கு விலகும், இப்போ உள்ள எல்இடி சூடாகாது, அதனாலதான் குழம்புது. பாதிப் பிள்ளைங்க ஒரு டார்ச், மீதிப் பிள்ளைங்க வேற டார்ச் வச்சிருப்பாங்க.

குலசேகரம் டீச்சர்

எல்லாமே எல்இடி, சார். ரெண்டு செல்போன், நாலு கை டார்ச்.

விலங்கியல் லேப் ஆள்

கல்லூரி லேப்ல ரொம்ப வருஷம் இருந்தவன். மார்த்தாண்டம் சார் சொன்னதுல பாதி சரி. கண் இல்லை. குண்டு பல்பைக் கிட்ட பிடிச்சா சூடும் ஒரு தூண்டல் ஆயிடும், அதனால எல்இடி நல்லது. ஆனா ஒளியை உணர்ற செல்கள் அதன் தோலிலேயே இருக்கு, தலைப் பக்கம் நிறைய, நடுவுல ரொம்பக் குறைச்சல். 1881லேயே டார்வின் தொட்டியில புழுவை வளர்த்து, ராத்திரி விளக்கைக் காட்டிப் பார்த்து, தலைப் பக்கம் பட்டாதான் அது வெளிச்சத்தை உணருது என்று எழுதியிருக்கார்.

டீச்சர்கிட்ட மூணு கேள்வி. டார்ச்சை எந்த முனையில அடிச்சாங்க? சோதனைக்கு முன்னால புழு எங்க இருந்தது? எந்த வரிசையில செஞ்சீங்க?

அருமனை மண்புழு உரம்

எங்க தொட்டியில மழை பெய்ஞ்ச ராத்திரி புழு கூட்டமா சுவர் ஏறி வெளிய வருது. லைட் போட்டு வச்சா நிக்குமா? டீச்சர் சொன்ன மாதிரி லைட் பக்கம் வந்தா எனக்கு நஷ்டம்தான்.

விலங்கியல் லேப் ஆள்

அண்ணாச்சி, உங்க விஷயம் வேற. தொட்டியில தண்ணி தேங்குதா, அடியில ஓட்டை அடைச்சிருக்கா என்று முதல்ல பாருங்க. மேல லைட் போட்டா வெளிய வர்றது குறையும், ஆனா அடியில சொதசொதன்னு கிடந்தா அதுவும் ரொம்ப நாளைக்கு நிக்காது.

குலசேகரம் டீச்சர்

முனையைப் பற்றி நான் சொல்லவே இல்லை. தட்டுக்கு வலது பக்கம் டார்ச் வைங்க என்று மட்டும் சொன்னேன். புழு டிபன் பாக்ஸ்ல ஈரப் பேப்பர் போட்டு, மூடி திறந்தபடி ஜன்னல் ஓரம் இருந்தது, ஒரு 40 நிமிஷம். வரிசை தொடுகை, ஒளி, ஈரம்.

விலங்கியல் லேப் ஆள்

அப்போ உங்க 11 எங்கிருந்து வந்தது என்று தெரியுது. மண்புழு பெரும்பாலும் தலை பார்த்த திசையிலதான் ஊரும். டார்ச் வலது பக்கம், தலையும் வலது பக்கம் என்றால் வெளிச்சம் தலையில படும், அது பின்வாங்கும் இல்ல திரும்பும். டார்ச் வலது பக்கம், வால் வலது பக்கம் என்றால் அது பாட்டுக்கு இடது பக்கம் ஊரும், பிள்ளை "விலகியது" என்று எழுதும். உண்மையில அது ஒளிக்குத் துலங்கவே இல்லாம இருந்திருக்கலாம். ஊர்ந்துட்டு இருந்த புழு முதல்ல ஒரு நீளம் முன்னால போயிட்டு அப்புறம் திரும்பினா "நோக்கியது". ஆக 11 மட்டும் இல்லை, உங்க 13ஐயும் நம்ப முடியாது. தலை எந்தப் பக்கம் என்று எழுதாத தாள்ல "விலகியது" என்ற சொல்லுக்கே பொருள் இல்லை.

அந்தப் பிள்ளை அழிச்ச வரி சரியான காண்பன. அவகிட்ட சொல்லுங்க.

தலையைக் கண்டுபிடிக்க: உடம்புல வளையம் போட்ட மாதிரி தடிச்சு நிறம் மாறி ஒரு பட்டை இருக்கும், கிளைடெல்லம். பதினோராம் வகுப்புப் பிள்ளைங்க படிக்கிற லாம்பிட்டோ மாரிட்டியில அது 14 முதல் 17ஆம் கண்டம் வரை. அந்தப் பட்டைக்குக் கிட்ட இருக்கிற முனை தலை. குட்டிப் புழுவுல பட்டை இருக்காது. அதை ஈரத் தாள்ல விட்டு எந்த முனை முன்னால நீளுது என்று ஒரு நிமிஷம் பார்த்தா போதும்.

அடுத்தது, 40 நிமிஷம் ஜன்னல் வெளிச்சத்துல கிடந்த புழுவுக்கு டார்ச் புதுசா ஒண்ணும் இல்லை. ஈர மண்ணோட மூடின டப்பாவுல அரை மணி நேரமாவது வச்சு, அறையை மங்கலாக்கி, அப்புறம் காட்டுங்க. தொடுகையைக் கடைசிக்குத் தள்ளுங்க. அஞ்சு தரம் குத்து வாங்கின புழு சுருண்டுக்கும், இல்ல எதுக்கும் அசையாது.

தக்கலை பிளஸ் ஒன் மாணவி

எங்க ரெக்கார்டுல ஒரே இடத்துல திரும்பத் திரும்பத் தொட்டப்போ நாலாவது தரம் துலங்கல் வரலை. நான் "புழுவுக்கு உணர்ச்சி குறைவு" என்று எழுதினேன், சார் சுழிச்சுட்டாங்க. ஏன்னு சொல்லல. எனக்கு அது இன்னும் புரியல.

விலங்கியல் லேப் ஆள்

மக்ளே, நீ பார்த்தது சரி, அறிவனதான் தப்பு. முதல் தரம் தலையில தொட்டா வெடுக்கென்று சுருங்கும், ஏன்னா உடம்பு நீளத்துக்கும் ஓடுற தடித்த நரம்பு இழை ஒரே நொடியில சேதியைக் கொண்டு போகும். அதே தொடுகை கெடுதல் பண்ணாம திரும்பத் திரும்ப வந்தா அது பழகிப் போகும். கொஞ்ச நேரம் கழிச்சுத் தொட்டுப் பார், மறுபடி சுருங்கினா பழக்கம்தான். அப்படி ஒரு வரி சேர்த்திருந்தா உன் சார் சுழிச்சிருக்க மாட்டார். தொடறதுக்கு நனைச்ச பெயின்ட் பிரஷ் போதும், பின்னூசி வேண்டாம்.

டீச்சர், தாளை இப்படி மாத்திப் பாருங்க. ஐந்து தலைப்பும் அப்படியே இருக்கட்டும். காண்பன மட்டும்:

| புழு எண் | எத்தனாவது முறை | தூண்டல் | பட்ட முனை | 30 நொடிக்குள் கண்டது | எத்தனாவது நொடி |
|---|---|---|---|---|---|
| 1 | 1 | டார்ச் எரியாமல் | தலை | | |
| 1 | 2 | டார்ச் எரிந்து | தலை | | |
| 1 | 3 | டார்ச் எரிந்து | வால் | | |

முதல் வரிதான் முக்கியம். டார்ச்சை அதே இடத்துல, அதே உயரத்துல, எரியாமப் பிடிக்கணும். கை நிழலுக்கும் மூச்சுக் காத்துக்கும் புழு எவ்வளவு அசையுது என்று அந்த வரி சொல்லிடும். "கண்டது" கட்டத்துல விலகியது, வெறுத்தது, பயந்தது எதுவும் வரக்கூடாது. "தலை நுனி பின்வாங்கியது", "தலை இடப்பக்கம் திரும்பியது", "மாற்றம் இல்லை" இப்படித்தான். "விலகியது" என்ற சொல் அறிவனவுக்கு உள்ளது.

மார்த்தாண்டம் அப்பா

தோலால் ஒளி தெரியும் என்பது எனக்குப் புதுசு, நன்றி. அப்போ சிவப்புத் தாள் சுத்தின டார்ச் வச்சு அறையில பார்க்கலாம் இல்லையா? மண்புழுவுக்குச் சிவப்பு தெரியாது என்பாங்க.

விலங்கியல் லேப் ஆள்

சிவப்புக்குத் துலங்கல் ரொம்பக் குறைவு, அதனால பார்க்கிறதுக்கு உதவும். ஆனா சிவப்புத் தாள் சுத்தினா வெளிச்சமே குறைஞ்சிடும். புழு அசையாதது நிறத்தாலயா மங்கலாலயா என்று ஒன்பதாம் வகுப்புத் தாள்ல பிரிக்க முடியாது. பார்க்கிற விளக்கா வைங்க, தூண்டலா வைக்காதீங்க.

குலசேகரம் டீச்சர்

நேத்து திரும்பச் செஞ்சோம். ஆறு புழு, ஒவ்வொண்ணுக்கும் தலையில மூணு, வால்ல மூணு, எரியாம மூணு. நடுவுல ரெண்டு நிமிஷம் ஈர மண்ணுல ஓய்வு. தலையில 18ல 14 முறை பின்வாங்கியது அல்லது திரும்பியது. வால்ல 18ல 5. எரியாம 18ல 4. வாலும் எரியாததும் ஏறக்குறைய ஒண்ணுதான் என்று பிள்ளைங்களே கண்டுபிடிச்சாங்க. அழிச்ச பிள்ளை இந்தத் தரம் "வாலில் பட்டால் ஒளிக்குத் துலங்கியதாகச் சொல்ல முடியாது" என்று அறிவன எழுதியிருக்கா.

ஈரச் சோதனையிலயும் ஒரு தப்பு கண்டோம். தட்டுல பாதி ஈரத் தாள், பாதி காய்ந்த தாள். போன தரம் எல்லாப் புழுவும் ஈரத்துக்குப் போச்சு என்று சந்தோஷப்பட்டேன். ஆனா ஈரப் பாதி முழுக்க ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருந்திருக்கு. இருட்டுக்குப் போச்சா ஈரத்துக்குப் போச்சா? இந்தத் தரம் பாதி முறை தட்டைத் திருப்பி வச்சோம், கிணத்துத் தண்ணியில நனைச்சோம். நாலு புழு ரெண்டு விதத்திலயும் ஈரத்துக்குப் போச்சு. ரெண்டு புழு காய்ந்த தாள்லயே நின்னுட்டு.

விலங்கியல் லேப் ஆள்

நின்ன புழு காய்ந்ததை விரும்பி நிக்கல, ஒட்டிப் போயிருக்கும். காய்ந்த தாள் மேல்தோல் சளியை உறிஞ்சிடும், அப்புறம் ஊர முடியாது, மூச்சும் அந்தத் தோல் வழியாத்தான். ஒரு நிமிஷத்துக்கு மேல அசையலைன்னா எடுத்துத் தண்ணியில நனைங்க. தாள்ல "ஒட்டியது, எடுத்தோம்" என்று எழுதுங்க, "காய்ந்த பக்கம்" என்று எண்ணாதீங்க. ஈரப் பாதியில தண்ணி தேங்காம பிழிஞ்சு போடுங்க.

அருமனை மண்புழு உரம்

ஓட்டை அடைச்சிருந்தது, எடுத்தாச்சு. டீச்சர், உரப் புழு வேணும்னா தரேன், தோட்டத்துப் புழுவை விடச் சுறுசுறுப்பாக்கும்.

குலசேகரம் டீச்சர்

நன்றி அண்ணாச்சி, அடுத்த தரம் ரெண்டு இனத்தையும் தனித் தாள்ல போடுறோம், கலக்க மாட்டோம். புழுவையெல்லாம் சாயங்காலமே எடுத்த இடத்துல விட்டாச்சு.

ஒண்ணு மட்டும் பாக்கி. தலையில பின்வாங்காத நாலு முறையில மூணு ஒரே புழு, 4ஆம் குழுவோடது. பட்டை தெளிவா இருக்கு, தலையும் சரிதான், தொட்டா நல்லா சுருங்குது. ஒளிக்கு மட்டும் அசைவே இல்லை. மத்த அஞ்சு புழுவுல 15க்கு 14. அந்தக் குழு அதை விட்டுட்டு எழுதலாமா என்று கேட்குறாங்க. விடக்கூடாது, தனியாக் காட்டுங்க என்று சொல்லியிருக்கேன். ஏன் என்ற கட்டத்தைக் காலியா விட்டிருக்காங்க.

விலங்கியல் லேப் ஆள்

காலியாவே இருக்கட்டும். அந்தப் புழு அப்போ இலைத் துண்டு எதையாவது வாயில பிடிச்சிருந்ததா என்று கேளுங்க. வேலையில இருக்கிற புழு வெளிச்சத்தைச் சட்டை பண்ணாது என்று டார்வினும் பார்த்திருக்கார்.

குலசேகரம் டீச்சர்

கேட்டேன். யாரும் கவனிக்கல. தாள்ல அதுக்கு ஒரு கட்டம் சேர்த்துட்டேன்: "தூண்டலுக்கு முன் புழு என்ன செய்துகொண்டிருந்தது."