விவிலிய வினாடி வினா வீடியோ: தவறான பதிலைத் திருத்துவது எப்படி?

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு வகுப்பில் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு வினாடி வினா வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். யோனா கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

“யோனாவை விழுங்கியது எது?” என்று கேட்டு 5 விநாடி இடைவெளி விட்டேன். வகுப்பில் போட்டுப் பார்த்தால், பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. இப்போது 8 விநாடி. நடுவில் கேள்வியை ஒருமுறை திரும்பச் சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் “திமிங்கலம்” என்றுதான் கத்தினார்கள். படப் புத்தகங்களில் அப்படித்தானே வரைகிறார்கள்! வசனத்தில் இருப்பது ‘ஒரு பெரிய மீன்’. வீடியோவுக்குக் காது கிடையாது, யார் என்ன சொன்னார்கள் என்று அதற்குத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக இப்படி எழுதினேன்:

“திமிங்கலம்னு நினைச்சீங்களா? நிறையப் பேர் அப்படித்தான் நினைப்பாங்க. கதையில ‘பெரிய மீன்’னு மட்டும்தான் இருக்கு. எங்க, சேர்ந்து சொல்லுங்க... பெரிய மீன்!”

சரியாகச் சொன்ன பிள்ளைக்கு இது சலிப்பாக இருக்குமோ? முதலில் “பெரிய மீன்” என்று பதிலைச் சொல்லிவிட்டு, பிறகு திமிங்கலத்துக்கு வரலாமா? இல்லை, யோனா உள்ளே 3 நாள் இருந்ததையே கேள்வியாக்கிவிடலாமா? பிள்ளைகளோடு பழகியவர்கள் சொல்லுங்களேன்.