கலைச்சொல்: ஸ்ட்ராட்டிஃபைடு கே-ஃபோல்டு, அரிதான வகை ஏழே பதிவுகளாக இருக்கும்போது

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். இயந்திரக் கற்றல் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ராட்டிஃபைடு கே-ஃபோல்டு என்பதற்குப் பழைய வரைவில் 'அடுக்கு மடிப்பு' என்று இருக்கிறது. படிப்பவர் தாளை மடித்து அடுக்குவதாக நினைத்துக்கொள்வார். அதனால் அதை மாற்ற விரும்புகிறேன்.

என் எடுத்துக்காட்டு இது: மோட்டார் அதிர்வுப் பதிவுகள் 1,200. அவற்றில் பழுது என்று குறித்தவை 7 மட்டும். ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை சோதனைக்கு ஒதுக்கி, மற்ற நான்கில் மாதிரியைப் பயிற்றுவிக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு பிரித்தால் ஏதாவது ஒரு பிரிவில் பழுதே இல்லாமல் போய்விடுகிறது. அப்படி ஆகாமல் பிரிப்பதைத்தான் இந்தச் சொல் சொல்ல வேண்டும்.

இளமாறன்:

'மடிப்பு' தவறுதான். டூஃபோல்டு, டென்ஃபோல்டு என்பதில் வரும் ஃபோல்டுக்கு நம்மிடம் 'மடங்கு' இருக்கிறது. ஆனால் 'ஐந்து மடங்கு' என்றால் தரவு ஐந்து மடங்கு பெருகியதாகப் பொருள் வந்துவிடும். எனவே 'விகிதம் மாறாப் பகுப்பு' என்று வைக்கலாம். முழுத் தரவில் என்ன விகிதமோ அதே விகிதம் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கும். அரிதான வகையைப் பற்றி அதற்குப் பிறகு கவலைப்பட ஒன்றுமில்லை.

நஸ்ரின்:

இளமாறன், மடங்கு பற்றிச் சொன்னது சரி. ஆனால் 'விகிதம் மாறா' என்பதை ஏற்க முடியவில்லை. கயலின் தரவிலேயே அந்த வாக்கு பொய்த்துவிடும். ஏழை ஐந்தால் எப்படிச் சமமாகப் பிரிப்பது? ஓட்டிப் பாருங்கள்:

```python
import numpy as np
from sklearn.model_selection import StratifiedKFold

y = np.array([0]*1193 + [1]*7)
X = np.zeros((1200, 1))
skf = StratifiedKFold(n_splits=5, shuffle=True, random_state=7)
for _, test in skf.split(X, y):
    print(len(test), y[test].sum())
```

ஐந்திலும் 240 பதிவுகள் இருக்கும். பழுது மட்டும் 1, 1, 1, 2, 2. random_state-ஐ எப்படி மாற்றினாலும் இந்த எண்ணிக்கை மாறாது. எந்தப் பதிவு எங்கே போகிறது என்பதுதான் மாறும். அதாவது ஒரு பிரிவில் பழுதின் பங்கு இன்னொன்றில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. உள்ளே நடப்பது எளிது. பதிவுகளை வகைப்படி வரிசையாக வைத்து, சீட்டாட்டத்தில் ஆளுக்கொரு சீட்டாகப் போடுவது போல ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்றொன்றாக எண்ணிக்கை ஒதுக்குகிறது. அதனால் ஒரே வகையின் எண்ணிக்கை இரண்டு பிரிவுகளுக்கு இடையே ஒன்றுக்கு மேல் வேறுபடாது. அது தரும் உறுதி அவ்வளவுதான்.

இன்னொன்று. பழுது 3 மட்டும் இருந்து ஐந்தாகப் பிரிக்கச் சொன்னால் நிரல் நிற்காது, எச்சரிக்கை மட்டும் தரும்:

```
UserWarning: The least populated class in y has only 3 members, which is less than n_splits=5.
```

அதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு பிரிவுகளில் பழுதே இருக்காது. அங்கே recall, அதாவது உண்மையான பழுதுகளில் மாதிரி பிடித்தவற்றின் விகிதம், கணக்கிட வகுக்க ஒன்றுமில்லை. recall_score இன்னோர் எச்சரிக்கையோடு 0 என்று தந்துவிடும். அந்தச் சுழியமும் சராசரியில் சேர்ந்துகொள்ளும். மாதிரி மோசமாகத் தெரியும், ஆனால் குறை பிரிப்பில் இருக்கும். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் பதைக்கிறது.

என் முன்மொழிவு 'வகைவாரிப் பங்கீடு'. மொழிவாரி, மாவட்டவாரி என்பது போல வகைவாரி. ஒவ்வொரு வகையையும் தனியாக எடுத்துப் பங்கிடுகிறோம் என்ற செயலைச் சொல்கிறது, கிடைக்கப்போகும் விகிதத்துக்கு உறுதி தரவில்லை. 'வகுப்புவாரி' வேண்டாம், அந்தச் சொல்லுக்கு வேறு வரலாறு உண்டு. ஃபோல்டு என்பது 'பங்கு'. 'கூறு' என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: புள்ளியியலில் கூறெடுப்பு என்று சாம்ப்ளிங்கைச் சொல்லிப் பழகிவிட்டோம், குழப்பம் வரும்.

அந்தோணி:

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? ஏழு பழுதையும் நகலெடுத்து எழுநூறு ஆக்கிவிட்டுப் பிரித்தால் எல்லாப் பங்கிலும் நிறைய இருக்குமே. 'பெருக்கிப் பிரித்தல்' என்று சொல்லலாம்.

நஸ்ரின்:

அந்தோணி அண்ணா, அது வேறு வேலை. அதையும் பிரிப்பதற்கு முன் செய்யக்கூடாது. ஒரே பதிவின் நகல் பயிற்சியிலும் சோதனையிலும் இருக்கும், மாதிரி விடையைப் பார்த்தே எழுதும். நகலெடுப்பதானால் பிரித்த பிறகு, பயிற்சிப் பக்கத்தில் மட்டும்.

கயல், உங்கள் குறிப்பில் இதையும் சேர்க்க வேண்டுகிறேன். ஏழில் 4 பழுதுகளை மாதிரி பிடித்தது என்று வையுங்கள். ஒற்றைப் பழுது உள்ள மூன்று பங்குகளிலும் பிடித்து, இரட்டை உள்ள ஒரு பங்கில் ஒன்றை மட்டும் பிடித்தால், பங்குவாரி recall 1, 1, 1, 0.5, 0. சராசரி 0.7. மாறாக, இரட்டைப் பங்குகள் இரண்டிலும் முழுதாகப் பிடித்து மற்றவற்றைத் தவறவிட்டால் 0, 0, 0, 1, 1. சராசரி 0.4. பிடித்தது இரண்டிலும் நான்குதான். ஒற்றையாக விழுந்த பழுதுக்கு இரட்டையில் விழுந்ததைப் போல் இரண்டு பங்கு எடை கிடைப்பதால் வரும் வேறுபாடு இது. ஐந்து பங்குகளின் முடிவுகளையும் ஒன்றாகக் கொட்டி ஒரே முறை எண்ணினால் இரண்டிலும் 4/7, அதாவது 0.57. ஆனால் மதிப்பெண்களின் வரிசையைப் பார்த்து அளக்கும் AUC-க்கு இப்படிக் கொட்டும்போது கவனம் தேவை. ஐந்து மாதிரிகள் தந்த மதிப்பெண்கள் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டியதில்லை.

பூங்கோதை:

என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்களிடமும் அதிர்வுப் பதிவுகள்தான். பழுதுப் பதிவுகள் ஒன்பது, ஆனால் அவை மூன்றே மோட்டார்களிலிருந்து வந்தவை. வகைவாரியாகப் பிரித்தோம், எண்கள் அழகாக வந்தன. புதிய மோட்டாரில் வைத்தபோது ஒன்றையும் பிடிக்கவில்லை. மாதிரி பழுதைக் கற்கவில்லை, அந்த மூன்று மோட்டார்களின் அதிர்வை அடையாளம் கண்டிருக்கிறது. பிறகு ஒரே மோட்டாரின் பதிவுகள் பிரியாதபடி StratifiedGroupKFold கொண்டு பிரித்தோம். ஐந்து பங்கு கேட்டால் இரண்டில் பழுது இருக்க வாய்ப்பே இல்லை, மோட்டாரே மூன்றுதானே! மூன்று பங்கோடு நிறுத்திக்கொண்டோம்.

இதற்கும் ஒரு பெயர் தேவைப்படும். 'வகைவாரிப் பங்கீடு' என்றால் 'குழு பிரியா வகைவாரிப் பங்கீடு' என்று நீட்டிக்கலாம். 'விகிதம் மாறா' என்பதில் இது ஒட்டாது.

இளமாறன்:

விகிதத்தை விட்டுவிடுகிறேன், 1-1-1-2-2 என்னை மாற்றிவிட்டது. ஆனால் 'அடுக்கு' என்பதை முற்றிலும் கைவிட மனமில்லை. கணக்கெடுப்பில் ஸ்ட்ராட்டிஃபைடு சாம்ப்ளிங்கை அடுக்குமுறை மாதிரி என்று ஏற்கெனவே எழுதுகிறோம். வேர் ஒன்றாக இருக்கும்போது இரண்டு துறையில் இரண்டு சொல் வைத்தால் மாணவருக்கு உறவு தெரியாமல் போகும்.

நஸ்ரின்:

அந்த உறவு அறுந்தாலும் பரவாயில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 1934-இல் புள்ளியியலாளர் நெய்மன் அடுக்குமுறை பற்றி எழுதியதில் அடுக்கின் அளவை மட்டும் பார்த்து எடுக்கச் சொல்லவில்லை. உள்ளே மாறுபாடு அதிகமுள்ள அடுக்கிலிருந்து கூடுதலாக எடுக்கச் சொல்கிறார். அங்கே மக்கள்தொகையிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுக்கிறோம். இங்கே யாரையும் விடுவதில்லை, உள்ள அனைத்தையும் பங்கிடுகிறோம். ஆனால் உங்கள் வாதத்திலும் எடை இருக்கிறது. மற்றவர்களும் சொல்லட்டும்.

கயல்விழி:

வரைவில் 'வகைவாரிப் பங்கீடு' என்று மாற்றி, அடைப்பில் 'அடுக்குமுறை' என்பதையும் இப்போதைக்கு வைத்திருக்கிறேன். நஸ்ரினின் 0.7, 0.4 கணக்கைத் தனிப் பத்தியாக்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம் மீதி. வேறு வேறு random_state கொண்டு பத்து முறை பங்கிட்டுச் சராசரி எடுத்தால் சரியாகிவிடுமா?

நஸ்ரின்:

பங்கிட்ட விதத்தால் வரும் ஆட்டம் குறையும். ஆனால் பழுது அதே ஏழுதான். ஏழில் நான்கு என்ற முடிவுக்கு 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி ஏறத்தாழ 0.18 முதல் 0.90 வரை. பத்து முறை பங்கிட்டாலும் அது சுருங்காது. அதைச் சுருக்க வேண்டுமானால் பழுதுப் பதிவுகள்தான் இன்னும் வேண்டும். பூங்கோதை சொன்னது போல அவை வேறு மோட்டார்களிலிருந்து வர வேண்டும்.

பூங்கோதை:

கயல், உங்கள் ஏழும் எத்தனை மோட்டார்களிலிருந்து வந்தவை?

கயல்விழி:

பார்க்கவே இல்லை. நாளை எண்ணிச் சொல்கிறேன்.