ராஜினாமாவுக்குப் பிறகு வந்த எதிர் ஆஃபர்: வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்

சிறுசேரி_இரவுப்பணி:
ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். நோட்டீஸ் காலம் 90 நாள். வெளியேறும்போது நான்கு ஆண்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். போக நினைத்ததற்குக் காரணம் இரண்டு: ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரும் இரவு அழைப்புப் பணி, உருவாக்கக் குழுவுக்கு மாற்றிவிடுங்கள் என்று இரண்டு ஆண்டாகக் கேட்டும் "அடுத்த காலாண்டு" என்றே வரும் பதில். இப்போதைய சிடிசி 13.5 லட்சம். தரமணியில் உள்ள புதிய நிறுவனம் உருவாக்கப் பணிக்கு 18 லட்சம் தருகிறது. அதில் 1 லட்சம் மட்டும் மாறும் ஊதியம். இங்கே இப்போது 18.5 லட்சம் தருகிறோம் என்கிறார்கள். மாற்று ஆள் வந்ததும் குழு மாற்றமும் உண்டாம். இருக்கலாமா, போகலாமா?

குரோம்பேட்டை_குமரன்:
இருங்கள் தம்பி. அரை லட்சம் கூடுதல், தெரிந்த ஆட்கள், தெரிந்த வேலை. புதிய இடத்தில் ஆறு மாதம் தகுதிகாண் காலம் வைப்பார்கள், ஆட்குறைப்பு வந்தால் அந்த நேரத்தில் வெளியே அனுப்புவது அவர்களுக்குச் சுலபம். தவிர, நான்கு ஆண்டு முடிந்துவிட்டாலே பணிக்கொடை கிடைக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

மனிதவளம்_கலைவாணி:
குமரன் சார், நான்கு ஆண்டு முடிந்தால் போதும் என்பது சரியல்ல. சட்டம் சொல்வது ஐந்து ஆண்டு. நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைத்தான் பலர் சுருக்கி நான்கு ஆண்டு என்கிறார்கள். சில நிறுவனங்கள் அப்போதும் ஐந்து முடியாமல் தருவதில்லை. இவரோ நான்கு ஆண்டு ஒரு மாதத்தில் வெளியேறுகிறார், இரண்டிலும் சேரமாட்டார்.

தம்பி, அந்த 18.5 எப்படிப் பிரிந்திருக்கிறது என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சிறுசேரி_இரவுப்பணி:
2 லட்சம் தக்கவைப்பு போனஸ். முதல் லட்சம் அடுத்த மாதச் சம்பளத்தோடு, இரண்டாவது ஓர் ஆண்டு கழித்து. 18 மாதத்துக்குள் வெளியேறினால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். மீதி 16.5 லட்சத்தில் பத்து சதவீதம் மாறும் ஊதியம். வரும் ஏப்ரல் ஊதிய உயர்வு இதிலேயே அடங்கும் என்றும் ஒரு வரி இருக்கிறது.

மனிதவளம்_கலைவாணி:
அப்படியென்றால் கணக்கு வேறு. 16.5 லட்சத்தில் 1.65 லட்சம் மாறும் ஊதியம் போனால், இங்கே உறுதியாக வருவது 14.85 லட்சம். தரமணியில் 17 லட்சம். ஆண்டுக்கு 2.15 லட்சம் குறைவு. ஏப்ரல் உயர்வும் உள்ளே போய்விட்டதால், அடுத்த உயர்வு வரை 14.85 அப்படியே நிற்கும். பிறகு சதவீதம் போடும்போதும் போனஸைச் சேர்க்கமாட்டார்கள்.

போனஸிலும் ஒரு சிக்கல் உண்டு. 1 லட்சம் தரும்போதே வருமான வரியைப் பிடித்துக்கொள்வார்கள்.  கையில் வருவது 1 லட்சத்தைவிடக் குறைவு. திருப்பிக் கேட்கும்போது பெரும்பாலும் முழு 1 லட்சத்தையும் கேட்பார்கள். அது அடுத்த நிதியாண்டில் நடந்தால், கட்டிய வரியை மீட்பது பெரும்பாடு. 18 மாதம் உங்களைக் கட்டிப்போடுவது அந்த ஒரு நிபந்தனைதான்.

அம்பத்தூர்_தொழிற்பேட்டை:
ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியுமா என்றுதானே கேட்கிறீர்கள்? முடியும், ஆனால் நிர்வாகம் ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வாங்குங்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒருவர் வாய்மொழியாகத் திரும்பப் பெற்றார். நோட்டீஸ் முடிந்த நாளில் கணினி அவர் பெயரை நீக்கிவிட்டது. வாயிற்காவலர் உள்ளே விடவில்லை.

வேளச்சேரி_வித்யா:
அவர் கேட்டது அதுவல்ல, அண்ணா. ஆனாலும் அந்த மின்னஞ்சல் பயன்படும்.

நான் கலைவாணி மேடத்துடன் ஒத்துப்போகவில்லை. எதிர் ஆஃபரை ஏற்றவர்கள் எல்லாரும் கெட்டுப்போகவில்லை. நானே ஏற்றேன். என் காரணம் ஒரே ஒரு மேலாளர். என்னை வேறு மேலாளரின் கீழ் மாற்றி உத்தரவு கொடுத்தார்கள், அதைக் கையில் வாங்கிய பிறகுதான் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றேன். பதவி உயர்வும் அதன் பிறகு வந்தது. பணக்கணக்கு மட்டும் போதாது, மேடம். இவர் கிளம்பியது பணத்துக்காக அல்ல.

மனிதவளம்_கலைவாணி:
அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன், வித்யா. உங்கள் காரணம் முதலில் தீர்ந்தது, பிறகு நீங்கள் திரும்பினீர்கள். இவருக்கு வரிசை தலைகீழ்: முதலில் இவர் திரும்ப வேண்டும், காரணம் பிறகு தீருமாம்.

பதினைந்து ஆண்டாக இந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ராஜினாமா வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது, இவர் இடத்தை நிரப்ப எத்தனை நாள் ஆகும் என்பதை. இரவுப் பட்டியலில் ஓட்டை விழக் கூடாது, அந்த அவசரத்துக்குத்தான் இந்தப் பணம். "மாற்று ஆள் வந்ததும் குழு மாற்றம்" என்ற வாக்கைக் கவனியுங்கள். இவர் தங்கிவிட்டால் மாற்று ஆளைத் தேட யாருக்கும் அவசரம் இருக்காது. ராஜினாமாவால் திறந்த அந்தக் காலியிடமே மூடப்பட்டுவிடும்.

தம்பி, நீங்கள் இன்னும் நோட்டீஸ் காலத்தில்தான் இருக்கிறீர்கள். இப்போதே ஒன்று கேளுங்கள்: அடுத்த வாரத்திலிருந்து இரவுப் பட்டியலில் என் பெயர் வேண்டாம், உருவாக்கக் குழுவில் சேரும் தேதியை எழுதிக் கொடுங்கள். நீங்கள் போய்விட்டால் அந்த இரவுகளை யாராவது பார்த்துத்தானே ஆக வேண்டும்? அந்த ஏற்பாட்டை இப்போதே செய்யச் சொல்லுங்கள்.

குரோம்பேட்டை_குமரன்:
பணிக்கொடை விஷயத்தில் தெளிவு கிடைத்தது, மேடம். ஆனால் இது நடைமுறைக்கு ஒத்துவராது. வெள்ளிக்கிழமை கெடு இருக்கிறது. தரமணிக்காரர்களை ஊசலாட வைப்பதும் நியாயமில்லை. வாக்குக் கொடுத்துவிட்டுச் சேராமல் போனால், அந்த நிறுவனத்தின் கதவு பல ஆண்டுகளுக்குத் திறக்காது.

மனிதவளம்_கலைவாணி:
கெடு அவர்கள் வைத்தது. இவர் விடுபடும் தேதி கடிதத்தில் இருக்கிறது, அதுவரை இவர் சும்மா இருந்தாலே விடுபட்டுவிடுவார். தரமணி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் நாட்களை இழுக்காமல் இரண்டே நாளில் தெரியும் கேள்வியாகக் கேட்கச் சொன்னேன்.

சிறுசேரி_இரவுப்பணி:
இன்று கேட்டேன். மாற்று ஆள் வரும்வரை, குறைந்தது இரண்டு மாதம், பட்டியலை மாற்ற முடியாதாம். உருவாக்கக் குழு மாற்றத்தை மின்னஞ்சலில் தரத் தயார், ஆனால் "நிர்வாகத் தேவைக்கு உட்பட்டு" என்ற சொற்கள் இருக்கும் என்றார் மேலாளர். தேதி போட முடியாதாம்.

வேளச்சேரி_வித்யா:
தேதி இல்லை என்றால் நான் இருக்கமாட்டேன். எனக்குக் கொடுத்த உத்தரவில் தேதி இருந்தது.

குரோம்பேட்டை_குமரன்:
இரண்டு மாதம் நியாயமான அவகாசம்தான். எந்தக் குழுவிலும் ஒரே வாரத்தில் ஆள் கிடைக்காது. தேதியைப் பற்றி மேலாளருக்கு மேல் உள்ளவரிடம் ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மனிதவளம்_கலைவாணி:
பேசுங்கள், தவறில்லை. ஆனால் போனஸ் கடிதத்தில் அதற்குமுன் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் தேதி தருவதாகச் சொன்னால், அந்தத் தேதிக்குள் குழு மாறாவிட்டால் போனஸைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

சிறுசேரி_இரவுப்பணி:
நாளை காலை அவரைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறேன். அந்த வரியையும் எழுதி எடுத்துப் போகிறேன்.