ரீவைண்டிங் கடையில் விட்ட மோட்டார் திருட்டு: யார் பொறுப்பு?

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். போர்செட்டில் ஓடும் 5 எச்.பி. மோட்டார் காயில் புகைந்துபோனதால் ஜூன் முதல் வாரம் ரீவைண்டிங் கடையில் கொடுத்தோம். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, ஜூன் 14 டெலிவரி என்று ரசீதில் கையால் எழுதித் தந்தார். குறுவை நாற்று காய்கிறது என்று கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு வாங்க" என்பதுதான் பதில். ஜூலை தொடக்கத்தில் ஒருநாள் மோட்டாரையே காணோம்.

கடைக்காரர் தன் செப்புக்கம்பிச் சுருள்களை ஷட்டருக்குள் பூட்டியிருக்கிறார். வாடிக்கையாளர் மோட்டார்கள் மட்டும் வெளித் தாழ்வாரத்தில், தார்ப்பாய்க்கு அடியில்.

போலீசில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். வாங்கியாச்சு. வணிகர் சங்கத்தில் பேசியதில் ரீவைண்டிங் கூலியைத் திருப்பித் தருவதாக மட்டும் சொல்கிறார். மோட்டார் விலைக்கு, "பொருள் தொலைந்தால் கடை பொறுப்பல்ல" என்று ரசீதின் அடியில் அச்சடித்த வரியைக் காட்டுகிறார்.

1872 ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினேன். தன் பொருளை ஒரு சராசரி மனிதர் எப்படிப் பாதுகாப்பாரோ அதே கவனம் நம் பொருளுக்கும் வேண்டும் என்கிறது பிரிவு 151. அப்படிப் பார்த்துக்கொண்டும் தொலைந்தால் அவர்மேல் பொறுப்பில்லை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அது 152. ஆனால் 161, தன் தவறால் உரிய நேரத்தில் திருப்பித் தராவிட்டால் அதன்பின் வரும் இழப்புக்கு அவரே பொறுப்பு என்கிறது. எங்கள் கதை இதுதான் என்று தோன்றுகிறது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டவர்கள் சொல்லுங்கள்: ரசீதில் டெலிவரி தேதி இருக்கும்போது, அந்த அச்சடித்த வரி 161-ஐத் தாண்டி அவரைக் காப்பாற்றுமா?